கேட்ஃபிஷ்: கெளுத்தி மீனுக்கும் ஃபேக் ஐடிக்கும் என்ன சம்பந்தம்?

டேட்டிங் ஆப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ இல்லாத ஒரு ஆளாக வேஷம் போட்டு, வேறு யாருடைய படத்தையோ தன் முகமாக வைத்து, ஒருவரோடு நட்போ காதலோ வளர்ப்பதைத்தான் இப்போது 'கேட்ஃபிஷ் பண்றது' என்கிறார்கள். சென்னையில் இருபதுகளில் இருக்கிறவர்கள் இதைத் தமிழ்ச் சொல் மாதிரியே புழங்குகிறார்கள், 'அவன் என்னை கேட்ஃபிஷ் பண்ணிட்டான்டி' என்று ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து போனில் சொல்கிற அளவுக்கு. ஆனால் கேட்ஃபிஷ் என்றால் கெளுத்தி மீன். காசிமேட்டில் கூடையில் கிடக்கிற, மீசையும் முள்ளும் வைத்த அதே கெளுத்தி. அது எப்படி இந்த அர்த்தத்துக்கு வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

கதை 2010-இல் வந்த ஒரு அமெரிக்க ஆவணப்படத்தில் தொடங்குகிறது. படத்தின் பெயரே கேட்ஃபிஷ். நியூயார்க்கில் இருக்கும் நெவ் ஷுல்மன் என்ற இளைஞர் ஃபேஸ்புக் வழியாக மிச்சிகனில் உள்ள ஒரு குடும்பத்தோடு பழகுகிறார், அந்த வீட்டுப் பெண் ஒருத்தியோடு காதலும் வருகிறது. நேரில் போய்ப் பார்த்தால் அந்தக் காதலி, அவளுடைய நண்பர்கள் என்று கணக்கு கணக்காக அத்தனையையும் நடத்தியது ஒரே ஒரு பெண், அதுவும் திருமணமான நடுத்தர வயதுக்காரர். படத்தின் கடைசியில் அவருடைய கணவர் ஒரு கதை சொல்கிறார். காட் என்ற குளிர்க்கடல் மீனை உயிரோடு தொட்டியில் போட்டுத் தூர தேசத்துக்கு அனுப்பும்போது அது அசையாமல் கிடந்து சதை கொழகொழத்துப் போகுமாம். அதனால் தொட்டிக்குள் கெளுத்தியை விட்டார்களாம், அது துரத்தத் துரத்த காட் மீன் சுறுசுறுப்பாகவே இருந்ததாம். வாழ்க்கையிலும் அப்படிக் கெளுத்தி மாதிரி சிலர் இருக்கிறார்கள், நம்மைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று முடிக்கிறார்.

கவனித்தீர்களா, அவர் தன் மனைவியைத் திட்டவில்லை, கிட்டத்தட்ட பாராட்டுகிறார். அவர் சொன்ன கெளுத்தியில் ஏமாற்று என்ற பொருளே கிடையாது. அந்த மீன் கதையும் அவருடைய சொந்தக் கதை இல்லை, 1913-லேயே இங்கிலாந்தில் ஹென்றி நெவின்சன் ஒரு கட்டுரையிலும் சார்லஸ் மேரியட் ஒரு நாவலிலும் அதை எழுதியிருக்கிறார்கள், அங்கேயும் சோம்பலைக் கலைக்கிறவர் என்பதுதான் பொருள். நூறு வருஷமாக உற்சாகமூட்டியாக இருந்த மீன், படம் ஓடிய பிறகு மோசக்காரனாகிவிட்டது. 2012-இல் எம்டிவி அதே பெயரில் ஒரு தொடர் தொடங்கியது. 2013 ஜனவரியில் மான்டை டேயோ என்ற, கல்லூரி அணியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய வீரர் விஷயம் வெடித்தது, இறந்துபோனதாக அவர் துக்கம் அனுசரித்த இணையக் காதலி பிறக்கவே இல்லை என்று தெரிந்தது. 2014-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி புதிய பொருளைச் சேர்த்துக்கொண்டது.

சரி, தமிழில்? கெளுத்தி என்று நேராக மொழிபெயர்ப்பதை விட்டுவிடலாம், 'அவள் என்னைக் கெளுத்தி செய்தாள்' என்றால் குழம்பு வைத்த மாதிரிதான் இருக்கும். ஆங்கிலச் சொல் இங்கே வருவதற்கு முன்னாலேயே நம் ஆட்களிடம் இருந்தது 'ஃபேக் ஐடி'. ஃபேஸ்புக் சூடாக இருந்த காலத்தில் நடிகை படத்தை வைத்துக்கொண்டு 'ஹாய், சாப்டீங்களா' என்று கேட்ட கணக்குகளை அப்படித்தான் அழைத்தோம். ஆனால் ஃபேக் ஐடி பரந்த சொல். அரசியல் பேசுவதற்காகப் பெயரை மறைக்கிறவரும், தொல்லைக்குப் பயந்து பூப்படம் வைத்திருக்கிற பெண்ணும், அக்காவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையை நோட்டம் விடத் தற்காலிகக் கணக்கு திறக்கிற தம்பியும் அதில் அடக்கம். இவர்கள் யாரும் கேட்ஃபிஷ் இல்லை. கேட்ஃபிஷுக்கு இரண்டு வேண்டும்: கற்பனை ஆள் ஒன்று, அந்த ஆளை நம்பி எதிர்ப்பக்கம் மனசை வைக்கிற உறவு ஒன்று.

துரைப்பாக்கத்தில் வேலை செய்கிற என் தோழி ஒருத்திக்கு நடந்ததைச் சொன்னால் இது இன்னும் புரியும். டேட்டிங் ஆப்பில் ஒருவன் அறிமுகம். சொந்த ஊர் தூத்துக்குடி, மெர்ச்சன்ட் நேவியில் எஞ்சினியர், லீவில் சென்னை வந்தால் பெசன்ட் நகரில் நண்பன் அறை. கப்பல் வேலை என்பது ரொம்ப வசதியான பொய், நேரில் வராததற்கும் நெட்வொர்க் இல்லாததற்கும் நேரம் கெட்ட நேரத்தில் பதில் போடுவதற்கும் ஒரே காரணம் போதும். சில நாளில் பேச்சு வாட்ஸாப்புக்கு மாறியது. குறுஞ்செய்தி மட்டும்தான், வாய்ஸ் நோட் கேட்டால் எஞ்சின் ரூம் சத்தம் என்பான், வீடியோ கால் போட்டால் எடுப்பதற்கு முன்பே கட் ஆகும். ஆனால் எழுத்தில் அவ்வளவு அன்பு. அவள் ஆபீஸ் அரசியலெல்லாம் அவனுக்கு அத்துபடி, மேனேஜர் பெயர்கூட மறக்க மாட்டான். மூன்று மாசம் ஓடியது. பணம் ஒரு ரூபாய் கேட்கவில்லை, அதனாலேயே சந்தேகம் வரவில்லை.

படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: இன்ஸ்டாகிராமில் இருக்கிற படங்களில் பெரும்பாலானவை தேடலில் வராது, அதனால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்பது 'படம் அசல்' என்பதற்குச் சான்று ஆகாது. அப்புறம் அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு படத்தில் அவன் டீக்கடை வாசலில் நிற்கிறான், பின்னால் பலகையில் பாதி தெரிகிற எழுத்து என்ன மொழி என்றே புரியவில்லை. பெரிதாக்கினால் அது மலையாளம், இடவலம் திருப்பிப் போட்டது. தேடலில் சிக்காமல் இருக்க இப்படிக் கண்ணாடிப் படமாக மாற்றுவது பழைய வேலை. போனிலேயே படத்தை மறுபடி திருப்பி, முகத்தை மட்டும் வெட்டித் தேடியபோது ஒரு கல்யாணப் போட்டோகிராபரின் தளம் வந்தது, அதில் இவன் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறான். அந்தப் பையனுக்கு இவள் யாரென்றே தெரியாது.

படத்தை அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: 'போட்டோ மட்டும்தான் பொய். பேசினது எல்லாம் நான்தான்.' அதோடு கணக்கு காணாமல் போனது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் இன்றுவரை தெரியாது. அவளுக்கு அதற்கப்புறம் இருந்தது கோபம்கூட இல்லை, இல்லாத ஒருத்தனை நினைத்து வந்த ஒரு மாதிரி துக்கம், அதை வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்ற கூச்சம் வேறு.

அந்த ஒரு பதிலில்தான் இந்தச் சொல்லின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணத்துக்காகச் செய்வதற்கு 'காதல் மோசடி' என்று பத்திரிகைகளில் ஏற்கெனவே நல்ல தமிழ் இருக்கிறது, பரிசுப் பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிவிட்டது, கிரிப்டோவில் போடு என்று ஆரம்பித்தால் அது அந்த வகை, அங்கே பேச்சும் பொய். கேட்ஃபிஷ் செய்கிறவரோ பல நேரம் பேச்சில் உண்மையாக இருந்துகொண்டு முகத்தை மட்டும் கடன் வாங்குகிறார். தன் முகத்தோடு வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம். முதல் படத்தை அரை நொடி பார்த்துத் தள்ளிவிடுகிற ஆப்புகளில் அந்த எண்ணம் வருவது ஆச்சரியமில்லை. அதற்காக அது நியாயம் ஆகிவிடாது.

இதிலேயே சின்ன அளவு ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் கிட்டன்ஃபிஷிங் என்பார்கள். ஐந்தடி ஆறு அங்குலம் ஐந்தடி பத்தாகும், படம் காலேஜ் கல்ச்சுரல்ஸில் எடுத்தது, மேடவாக்கம் 'அடையாறு பக்கம்' ஆகிவிடும். இதற்குத் தமிழில் தேடவே வேண்டாம், பூசி மெழுகுதல். மேட்ரிமோனி புரொஃபைலில் 'மாநிறம்', 'சொந்தத் தொழில்' என்று நம் பெற்றோர் தலைமுறையே கரைத்துக் குடித்த கலை இது, பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெரிய அளவுக்கு வருவோம். முதலில் தோன்றுகிற சொல் ஆள்மாறாட்டம். 2019 நீட் வழக்கில் ஊரெல்லாம் கேட்ட சொல்தான். ஒருவர் இடத்தில் இன்னொருவர் போய் உட்கார்வது. இணையத்தில் அப்படி உண்மையான ஒருவருடைய இடம் என்று ஒன்று இல்லையே, ஆளே கற்பனைதானே என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 416-ஆம் பிரிவு, மாறாட்டம் செய்யப்பட்டவர் நிஜ ஆளானாலும் கற்பனை ஆளானாலும் குற்றம் குற்றமே என்று விளக்கம் தருகிறது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவிலும் அதே விளக்கம் தொடர்கிறது. ஏமாற்று என்பதற்கான வரையறையில் பணம், சொத்து மட்டுமில்லாமல் மனசுக்கு வரும் கேடும் சேர்ந்திருக்கிறது. கணினி, போன் வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி, மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே சட்டத்தின் மொழியில் ஆள்மாறாட்டம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அன்றாடப் பேச்சுக்கு மட்டும் அது காக்கிச் சட்டை போட்ட சொல்லாக இருக்கிறது. தோழியிடம் 'அவன் ஆள்மாறாட்டம் செய்தான்' என்று சொன்னால் உறவு அதில் தெரியவில்லை. நான் பயன்படுத்துவது 'வேடம் கட்டிப் பழகுதல்', ஆளைச் சொல்ல 'வேடதாரி'. வேடம் கட்டுதல் கூத்தில் இருந்து வந்தது, அங்கே அது பார்க்கிறவருக்கும் தெரிந்த வேடம். பழகுதல் சேரும்போதுதான் எதிராளிக்குத் தெரியாத வேடம் என்ற பொருள் வருகிறது, நட்பா காதலா என்று பிரிக்காமல் இரண்டையும் அது தாங்குகிறது. கௌதமர் உருவில் அகலிகையிடம் போன இந்திரனுக்கும் சரியாகப் பொருந்தும், ஆப் இல்லாத காலத்து கேட்ஃபிஷ் அவன். 'போலிமுகம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் அதில் செயல் இல்லை, வினையாக மாற்ற வராது.

ஆப்பில் நீல டிக் இருக்கிறதே என்று யாராவது சொன்னால்: அந்தச் சரிபார்ப்பு பெரும்பாலும் சொல்வது ஒன்றே ஒன்று, செல்ஃபியில் இருக்கிற முகமும் புரொஃபைல் படத்தில் இருக்கிற முகமும் ஒன்று என்று. பெயர், வேலை, கல்யாணம் ஆனதா என்பதற்கெல்லாம் அது உத்தரவாதம் தராது. வேடம் முகத்தில் இல்லாமல் மற்றதில் இருந்தால் டிக்கும் சேர்ந்தே வேடம் கட்டும்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கோபத்தில் முதலில் அன்மேட்ச் செய்துவிடாதீர்கள், பல ஆப்புகளில் உரையாடல் மொத்தமும் அதோடு போய்விடும். புரொஃபைல், பேச்சு, போன் நம்பர் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், போகாவிட்டாலும் cybercrime.gov.in தளத்தில் பதியலாம். அங்கே கேட்ஃபிஷ் என்று எழுதாமல் 'ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினார்' என்று எழுதுங்கள், 66டி பிரிவு சொல்கிற குற்றத்தின் பெயர் அதுதான்.