ஒரிஜினல் என்று டிக் போடுவதற்கு முன்னால்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நம் கிளப் நடத்தும் பழைய வண்டி ஊர்வலத்துக்கு வந்த விண்ணப்பங்களை நேற்று ராத்திரி உட்கார்ந்து அடுக்கினேன். மொத்தம் 23. அதில் 'வண்டியின் நிலை' என்று ஒரு வரி இருக்கிறது, ஒரிஜினல், ரெஸ்டோர் செய்தது, ரெப்ளிகா என்று பக்கத்திலேயே மூன்று கட்டம். 23 பேரும் ஒரிஜினலில்தான் டிக் போட்டிருக்கிறீர்கள். போன வருஷம் முழுக்க வண்டியை டிங்கர் ஷெட்டில் போட்டுவிட்டு, மாதாமாதம் எனக்கே போட்டோ அனுப்பிக்கொண்டிருந்த நண்பரும் அதில் ஒருவர். தரையே இல்லாத வண்டியை நானே கண்ணால் பார்த்தேனே அய்யா.

தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை. ஒரிஜினல் என்றால் உசத்தி, ரெஸ்டோர் என்றால் ஒரு படி கீழே, ரெப்ளிகா என்றால் அவமானம் என்று நாமாகவே ஒரு வரிசை வைத்துக்கொண்டுவிட்டோம். இந்த மூன்றும் மார்க் இல்லை. வண்டியில் இருக்கும் இரும்பு எப்போது, எங்கே, யாரால் செய்யப்பட்டது என்ற கேள்விக்கு மூன்று விதமான பதில், அவ்வளவுதான். இதை விளக்க இரண்டு மாதத்துக்கு முன் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன், சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்துவிட்டார், பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ஷெட்டில் எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 1952 டி.டி. மாடல் கார் நிற்பதாகத் தகவல். சிவப்பு நிறம், இரண்டு சீட்டு, துணிக் கூரை. 18 லட்சம் கேட்கிறார்கள், அண்ணே நீங்களும் கூட வாங்க என்றார். போனோம். தூரத்தில் நின்று பார்த்தால் லட்சணமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. உறுப்பினர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மட்கார்டில் ஒட்ட வைத்தார். 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களாண்ணே, இரும்பு. ஃபைபர் இல்ல" என்று முகமெல்லாம் சிரிப்பு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காந்தம் ஃபைபர் பாடியையும் கனமாகப் பட்டி பார்த்த இடத்தையும் காட்டிக்கொடுக்கும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. நம் ஊரில் தகடு அடிக்கத் தெரிந்த டிங்கருக்குப் பஞ்சமா என்ன? இரும்புத் தகட்டிலேயே எந்த வடிவத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு முதலில் உறுத்தியது சக்கரம். கம்பிச் சக்கரம் போட்டிருந்தது. டி.டி. மாடல் வந்தது எஃகு டிஸ்க் சக்கரத்தோடு, கம்பிச் சக்கரம் அதற்கு முந்தைய டி.சி.யில் இருந்தது. சரி, சக்கரத்தை யாராவது ஆசைப்பட்டு மாற்றியிருக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கதவைத் திறந்து உள்பக்கப் பலகையை ஓரத்தில் லேசாக நெம்பிப் பார்த்தேன். அசல் டி.டி.க்கு உள்ளே மரச்சட்டம், ஆஷ் என்கிற மரம், அதன் மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். இங்கே உள்ளே இருந்தது ஜன்னல் கிரில் செய்கிற சதுரப் பைப்.

அப்புறம் பாயைப் போட்டுக் கீழே படுத்தேன். டி.டி.யின் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும், சுருள் ஸ்பிரிங், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். டி.சி.க்கும் டி.டி.க்கும் பெரிய வித்தியாசமே அதுதான். இங்கே ஒரே நீள ஆக்ஸில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். வேறொன்றும் இல்லை, நம்ம ஜீப்தான். டேப் வைத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்தால் 91 அங்குலம், டி.டி.க்கு 94 இருக்க வேண்டும். போனட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின்.

அசல் எஞ்சினாக இருந்திருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். டி.டி.யில் இருப்பது எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற 1250 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதன் போல்ட் தலைக்கு அங்குலக் கணக்கில் வருகிற பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனர்தான் உட்காரும். ஆனால் அந்த போல்ட்டைக் கழற்றி மரையை அளந்தால் மில்லிமீட்டர் கணக்கு! காரணம், மோரிஸ் கம்பெனி 1923-ல் வாங்கிய கவன்ட்ரி எஞ்சின் தொழிற்சாலை அதற்கு முன்னால் ஹோட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. மெஷின்கள் எல்லாம் மெட்ரிக், அதை மாற்றச் செலவாகும் என்று மரையை அப்படியே விட்டுவிட்டு, இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருக்கிற ஸ்பேனருக்காகத் தலையை மட்டும் மாற்றினார்கள். இந்தக் கோணங்கித்தனத்தை எந்த ரெப்ளிகாக்காரரும் காப்பியடிக்க மாட்டார்.

கடைசியாக, போனட்டுக்குள் பளபளவென்று ஒரு தகடு. 'TD 0187' என்று அடித்திருந்தது. எம்.ஜி. தொழிற்சாலை இருந்த அபிங்டனில் அவர்களுடைய டெலிபோன் நம்பர் 251. அதனால் ஒவ்வொரு மாடலுக்கும் சேஸிஸ் எண்ணை 251-லிருந்து தொடங்குவது அவர்கள் வழக்கம். 0187 என்று ஒரு டி.டி. பிறக்கவே இல்லை. ஆர்.சி. புக்கைக் கேட்டால், விற்கிறவர் இழுத்து இழுத்துக் கடைசியில் காட்டினார், 1986 ஜீப் என்று இருந்தது.

விற்க வந்தவரை நான் திட்ட மாட்டேன். அவரும் கல்யாண ஊர்வலத்துக்கு விட யாரிடமோ வாங்கியவர்தான், வேலைப்பாடும் மோசமில்லை. அதை ரெப்ளிகா என்று சொல்லி, ரெப்ளிகா விலைக்கு விற்றால் ஒரு வம்பும் கிடையாது என்று நினைப்பீர்கள், அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்.சி.யில் ஜீப், ரோட்டில் எம்.ஜி. என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ் அது அனுமதியில்லாத மாற்றம். வளாகத்துக்குள் நிறுத்திப் போட்டோ எடுப்பது வேறு, கடற்கரைச் சாலையில் ஓட்டுவது வேறு.

ரெப்ளிகா கதை இத்துடன் போதும், நம் கிளப்பில் உண்மையான தலைவலி ஒரிஜினலுக்கும் ரெஸ்டோருக்கும் நடுவில்தான்.

ஒரிஜினல் என்றால் தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்ன இருந்ததோ அதுவே பெரும்பாலும் இன்றும் இருக்க வேண்டும். டயர், பேட்டரி, பெல்ட், பிரேக் ரப்பர் மாதிரி தேய்கிற சாமான் மாறியிருக்கலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள். பெயின்ட், சீட்டு, கண்ணாடி, குரோம், வயரிங், அதோடு எஞ்சின், பாடி, சேஸிஸ், இதெல்லாம் பழசாக, மங்கலாக, கீறலோடு இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். பிரித்து, துரு எடுத்து, தகடு மாற்றி, பெயின்ட் அடித்து, பழைய தோற்றத்துக்குக் கொண்டு வந்தால் அது ரெஸ்டோர் செய்த வண்டி. அதில் ஒரு கேவலமும் இல்லை. கடல் காற்றில் நிற்கிற வண்டிக்கு வேறு வழியே இல்லாமலும் போகலாம்.

திருப்பாதிரிப்புலியூர் உறுப்பினரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1961 முதல் செய்த வண்டி, நம் பக்கத்து வண்டி. அதற்குத் தனி சேஸிஸ், மேலே பாடியைப் போல்ட்டில் இறுக்கியிருப்பார்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைகள் மாதிரி நீளும் இரும்பு இருக்கிறதே, அவுட்ரிக்கர், அதுதான் முதலில் துருப்பிடித்து உதிரும். இவர் வண்டியில் நான்கை மாற்றியாகிவிட்டது, தரைத் தகடு புதுசு, பெயின்ட் புதுசு. ஆனால் மெயின் சேஸிஸ் அதேதான், எண் அதேதான், எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது. மாற்றிய ஒவ்வொரு துண்டுக்கும் போட்டோவும் பில்லும் வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் நம் கிளப்பிலேயே ஒழுங்கான ரெஸ்டோர் வண்டி அதுதான். அவரும் ஒரிஜினலில் டிக் போட்டிருக்கிறார் என்பதுதான் வருத்தம்.

உங்கள் வண்டி எந்த ரகம் என்று உங்களுக்கே சந்தேகமா? முந்தைய முதலாளி சொன்னதை நம்பி வாங்கியவர்களுக்கு இது சகஜம். பெயின்டர் கை நுழையாத இடத்தைப் பாருங்கள். டிக்கி ரப்பருக்கு அடியில், கதவுப் பலகைக்குப் பின்னால், டேஷ்போர்டுக்குக் கீழே. அங்கே வேறு நிறம் தெரிந்தால் வெளியே அடித்தது பிற்காலத்து வேலை. தகடும் தகடும் சேருகிற விளிம்பில் தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழியாக ஓரளவு சீரான இடைவெளியில் இருக்கும், பட்டறையில் வைத்த கேஸ் வெல்டிங் கோடாக ஓடும், எவ்வளவு தேய்த்தாலும் பின்பக்கத்தில் மேடு தட்டும். கிளப்பில் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 மைக்ரான் அக்கம்பக்கம் காட்டும். அதே கதவில் ஓர் இடத்தில் 120, ஒரு சாண் தள்ளி 900 என்றால் அடியில் பட்டி இருக்கிறது.

முழுக்க ஒரிஜினலான வண்டி நம்மிடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. முத்தியால்பேட்டையில் ஒரு ஃபியட். பெயின்ட் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய், சீட்டு வெடித்து, அதன் சொந்தக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு ஊர்வலத்துக்கே வருவதில்லை. போன வாரம் போன் செய்து, நல்ல பெயின்டர் யாராவது தெரியுமா என்றார். தெரியாது என்று பொய் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் நாம் நமக்குள் பேசி முடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் பதிவு வந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'VA' என்ற எழுத்தோடு தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே இருக்கிற பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. பெட்ரோல் வண்டிக்கு டீசல் எஞ்சின் போட்டவர்கள் இரண்டு பேர் நம்மில் இருக்கிறீர்கள், பழைய எஞ்சினை ஆக்கருக்குப் போட்டுவிடாதீர்கள், தயவு செய்து.

அதனால் விண்ணப்பத்தை மாற்றியிருக்கிறேன். மூன்று கட்டத்தையும் எடுத்துவிட்டேன். சேஸிஸ், பாடி, எஞ்சின், உள்வேலை, பெயின்ட் என்று ஐந்து வரி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நேராக எதை, எந்த வருஷம் மாற்றினீர்கள் என்று எழுதினால் போதும், ரகத்தை நானும் கமிட்டியும் போட்டுக்கொள்கிறோம். ஆர்.சி. நகலும், சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்டும் கூடவே வேண்டும். பிரிண்ட் எடுக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கு வண்டியோடு பழைய துறைமுகம் பக்கம் வாருங்கள், பென்சிலும் மீட்டரும் கொண்டு வருகிறேன். கிரீஸைத் துடைக்க ஒரு பழந்துணி மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள், போன தடவை என் வேட்டி போய்விட்டது.