கம்பத்தை விட்டு நழுவும் புள்ளிகள்

ரோபோவை ஒரு கம்பத்துக்கு எதிரே நிறுத்தி, கேமரா எடுத்த படத்தின் மேல், லேசரால் தூரம் அளக்கும் லைடாரின் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் புள்ளிகள் கம்பத்தின் மேலேயே கச்சிதமாக உட்காரும். இப்போது ரோபோவை நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திருப்புங்கள். புள்ளிகள் கம்பத்தை விட்டு வலப்பக்கம் நழுவுகின்றன. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் நழுவுகின்றன. ரோபோ நின்றதும் பழையபடி கம்பத்துக்கே வந்துவிடுகின்றன.

இதைப் பார்த்ததும் பலரும் கேமராவும் லைடாரும் பொருத்தப்பட்ட கோணத்தைத்தான் சந்தேகிப்பார்கள். அதை மறுபடி அளந்து ஒரு நாளைக் கழிப்பார்கள். ஆனால் கோணம் பிழை என்றால் நிற்கும்போதும் விலகல் இருக்க வேண்டும். திரும்பும்போது மட்டும் வந்து, வேகத்தோடு சேர்ந்து வளர்ந்து, திசை மாறினால் தானும் பக்கம் மாறும் விலகல் நேரப்பிழையால் வருவது.

ஒரு கணக்குப் போடலாம். கேமராப் படத்தின் நேரமுத்திரை, அதாவது படம் எடுத்ததாகக் குறிக்கப்படும் நேரம், 30 மில்லிசெகண்ட் தாமதமாக விழுகிறது. ரோபோ நொடிக்கு 90 பாகை திரும்புகிறது. அந்த 30 மில்லிசெகண்டில் அது 2.7 பாகை திரும்பிவிடும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பத்தில் இது ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் விலகல். கம்பம் இருக்கும் இடத்தில் வெற்றுவெளி என்று ரோபோ நினைத்துக்கொள்ள இது தாராளமாகப் போதும். நேராக ஓடும்போது பிழை இந்த அளவுக்குத் தெரியாது. அதனால்தான் நேர்ப்பாதையில் மட்டும் சோதிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? சென்சார் ஒளியைச் சேர்க்க வேண்டும், பிறகு படத்தை வரிவரியாக வெளியே அனுப்ப வேண்டும், அது கேபிள் வழியாகக் கணினிக்கு வர வேண்டும். டிரைவர் நிரல் படம் கைக்கு வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்து `header.stamp` என்ற இடத்தில் நேரத்தை எழுதுகிறது என்றால், அங்கே இருப்பது படம் எடுத்த நேரம் அல்ல, வந்து சேர்ந்த நேரம். ரோபோவின் அசைவை அளக்கும் ஐஎம்யூ என்ற சென்சாரின் தகவல் சில பைட்டுகள்தான், அது சீக்கிரம் வந்துவிடும். ஆக, ஒரே கணத்தில் அளந்த இரண்டுக்கும் வேறு வேறு முத்திரை விழுகிறது.

இந்தத் தாமதத்தை அளக்க ஓர் அழகான வழி உண்டு. ரோபோ எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை ஐஎம்யூவிலுள்ள ஜைரோ நேரடியாகச் சொல்கிறது. அடுத்தடுத்த படங்களில் புள்ளிகள் நகர்ந்த விதத்தை வைத்துக் கேமராவிலிருந்தும் அதே வேகத்தைக் கணக்கிடலாம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் ஒரே மலைத்தொடரை இரண்டு முறை வரைந்ததுபோல இருக்கும், ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி. ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எங்கே இரண்டும் நன்றாக ஒட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். நகர்த்திய அளவுதான் தாமதம். காலிபர் என்ற திறந்தமூல மென்பொருள் கேமராவுக்கும் ஐஎம்யூவுக்கும் இடையிலான நேர விலகலை, பொருத்தும் கோணத்தோடு சேர்த்தே மதிப்பிட்டுத் தருகிறது.

சோதனையின்போது ரோபோவைச் சீரான வேகத்தில் சுற்றவிடாதீர்கள். அப்போது இரண்டு கோடுகளும் தட்டையாக இருக்கும், எப்படி நகர்த்தினாலும் ஒட்டும். இடமும் வலமுமாகத் திடீர் திடீரென்று திருப்ப வேண்டும்.

லைடாரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நொடிக்கு 10 சுற்று சுற்றும் லைடார் ஒரு சுற்றை முடிக்க 100 மில்லிசெகண்ட் எடுக்கும். நம் ரோபோ அதற்குள் 9 பாகை திரும்பியிருக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நேரத்தை எடுத்து, ஜைரோ சொல்லும் திருப்பத்தை வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்துக்குக் கொண்டுவர வேண்டும். முத்திரை சுற்றின் தொடக்கத்தைக் குறிக்கிறதா முடிவைக் குறிக்கிறதா என்பது டிரைவருக்கு டிரைவர் மாறும். தப்பாக எடுத்துக்கொண்டால் அந்த 9 பாகையும் அப்படியே பிழையாகிவிடும்.

சரி, ஒருமுறை அளந்த தாமதத்தைக் கழித்துவிட்டால் போதுமா? அது மாறாமல் இருந்தால் போதும். வெளிச்சம் குறையும்போது கேமரா தானாகவே ஒளி சேர்க்கும் நேரத்தை 2 மில்லிசெகண்டிலிருந்து 20 ஆகக் கூட்டலாம். படத்துக்கு உரிய கணம் அந்த நேரத்தின் நடுப்புள்ளி. முத்திரை தொடக்கத்தைக் குறித்தால், நடுப்புள்ளி 9 மில்லிசெகண்ட் தள்ளிப்போய்விடும். ஒவ்வொரு சென்சாரும் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பினால் அதுவும் விலகும்: பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும். அதனால், முடிந்தால் ஒரே மின்துடிப்பால் கேமராவைத் தூண்டி, அந்தத் துடிப்பின் நேரத்தோடு ஒளி சேர்க்கும் நேரத்தில் பாதியைக் கூட்டி முத்திரை இடுவதே நல்லது. லைடார் ஈதர்நெட்டில் இருந்தால் பிடிபி நெறிமுறை அதன் கடிகாரத்தைக் கணினியோடு இணைத்து வைக்கும்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி அதே கம்பத்தின் முன்னால் ரோபோவைத் திருப்பிப் பாருங்கள், வெளிச்சத்தில் ஒருமுறை, அரையிருட்டில் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இன்னொருமுறை.