குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாரின் சுயவிவரம்: பதவியோடு நிற்காமல் பணியை எழுதுவது

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி, கம்மவான்பேட்டை வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்தவர் என்று சொல்லும் தெருக்கள் உண்டு. அங்கிருந்தும் காட்பாடி, குடியாத்தம் பக்கமிருந்தும் ஓய்வுபெற்று வருபவர்களின் சுயவிவரங்கள் ராணிப்பேட்டை சிப்காட் ஆலைகளுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவ்வாறான ஓர் ஆலையின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில், அவற்றில் பெரும்பாலானவை எங்கே போய்ச் சேருகின்றன என்பதை அறிவேன். ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் அவை பாதுகாவலர் பணிக்கான கோப்புக்குள் சென்றுவிடுகின்றன. பாதுகாவலர் பணியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் பல ஆண்டுகள் பொருள்கிடங்கையும் கணக்கையும் பார்த்துக்கொண்ட ஒருவர், அந்த அனுபவம் சுயவிவரத்தில் தெரியாததால் மட்டுமே வாயிற்கதவருகே நிற்க நேர்வது, அவருக்கும் நல்ல ஸ்டோர் ஆள் கிடைக்காமல் தவிக்கும் ஆலைக்கும் நட்டம்.

சுயவிவரத்தை முதலில் படிப்பவர் பெரும்பாலும் இளம் வயதினர். படைப்பிரிவுகளின் அமைப்பை அறியாதவர். நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் என்ற வரிசையில் எது மேல், எது கீழ் என்பதே அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்குத் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையிலும் ஹவில்தார் பதவி இருப்பதால், வேலூர்க்காரர் ஒருவர் அச்சொல்லைக் கேட்டவுடன் சேவூர்ப் பட்டாலியனைத்தான் முதலில் நினைத்துக்கொள்வார். எந்தப் படை என்று தெளிவாக எழுதினாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. ஒரு பதவி ஒருவரது மூப்பையும் தகுதியையும் காட்டுமே தவிர, அவர் தினமும் என்ன செய்தார் என்பதைக் காட்டாது. ஒரே நாளில் ஹவில்தாரான இருவரில் ஒருவர் பயிற்சி மையத்தில் பயிற்றுநராக இருந்திருக்கலாம். மற்றவர் பட்டாலியனின் உட்பிரிவான கம்பெனியின் பொருள்களைப் பராமரித்திருக்கலாம். ஆகவே பதவிக்கு நேர்ச்சொல் தேடுவதை விட்டுவிட்டு, அந்தப் பதவியில் இருந்தபோது வகித்த பொறுப்புகளைத் தேட வேண்டும். ராணுவத்தில் இதனை அப்பாயின்ட்மென்ட் என்பார்கள். சுயவிவரம் அதைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

அண்மையில் நான் திருத்திக்கொடுத்த ஒரு சுயவிவரத்தை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சொல்கிறேன். அதன் அனுபவப் பகுதியில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஹவில்தார், காலாட்படை. சி.க்யூ.எம்.எச்., பி கம்பெனி. என்.சி.ஓ. இன்சார்ஜ், லங்கர். எம்.ஆர். தேர்ச்சி. நீண்ட சேவைப் பதக்கம். கேரக்டர் எக்ஸம்ப்ளரி.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் எங்கள் ஸ்டோர் மேலாளர் இதைப் படித்திருந்தால், தமக்கு வேண்டிய ஆள் இவர்தான் என்பதை உணர்ந்திருக்க மாட்டார்.

சி.க்யூ.எம்.எச். என்பது கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். சுமார் 120 பேர் கொண்ட ஒரு கம்பெனிக்கு வேண்டிய உடுப்பு, படுக்கை, கூடாரம், பாத்திரம், கருவிகள் ஆகியவற்றைப் பட்டாலியன் ஸ்டோரிலிருந்து பெற்று, உரியவர்களுக்கு வழங்கி, திரும்பப் பெற்று, பேரேட்டில் ஏற்றி, கெட்டுப்போனவற்றைக் கழிவு செய்ய அனுப்பிவைக்கும் பொறுப்பு அவருடையது. கம்பெனியின் சமையற்கூடமான லங்கருக்கு, அன்றன்றைய ஆள்கணக்கின்படி ரேஷன் வாங்கித் தருவதையும் அவரே பார்த்துக்கொள்வார். இதைச் சொன்னபோது அந்தச் சுயவிவரத்துக்கு உரியவர், “அது எல்லா கம்பெனியிலும் நடக்கிற வேலைதானே சார், அதை என்னன்னு எழுதறது?” என்றார். பழகிப்போன வேலையைத் திறமையாக எண்ணத் தோன்றாதது படையிலிருந்து வருபவர்கள் பலரிடமும் நான் காணும் இயல்பு.

ஆகவே அவரிடம் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். உங்கள் கையொப்பத்தில் என்னென்ன பொருள்கள் இருந்தன, எத்தனை பேருக்காக? வந்ததும் போனதும் எந்தத் தாளில் பதிவாயின? இருப்பு சரியாக இருக்கிறதா என்பதை யார், எப்போது எண்ணிப் பார்த்தார்கள்? குறைந்திருந்தால் என்ன நடந்தது? இவற்றுக்கான விடைகளே பின்னர் சுயவிவரத்தின் வரிகளாயின. மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன விடைதான் மிகவும் மதிப்புடையது. குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் மாறும்போதெல்லாம் பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒவ்வொரு பொருளையும் பேரேட்டோடு ஒப்பிட்டு எண்ணி, குறைவு இருந்தால் அதை எழுத்தில் காட்டி, இருவரும் கையொப்பமிட்ட பிறகே பொறுப்பு கைமாறும். அவர் அவ்வாறு பொறுப்பை ஏற்றும் இருக்கிறார், ஒப்படைத்தும் இருக்கிறார். ஆண்டுதோறும் அதிகாரிகள் குழு நடத்தும் இருப்புச் சரிபார்ப்பையும், கணக்குத் தணிக்கையையும் எதிர்கொண்டிருக்கிறார். ஆலை மொழியில் இது ஸ்டாக் வெரிஃபிகேஷன். ஸ்டோர் பணிக்கு ஆள் எடுப்பவர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

இவற்றைக் கொண்டு அந்தப் பகுதியைப் பின்வருமாறு மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே அமைப்பையே பின்பற்றலாம்.

‘பொருள்கிடங்குப் பொறுப்பாளர் பணி. ராணுவப் பதவி: ஹவில்தார், கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார், இந்திய ராணுவக் காலாட்படை. சுமார் 120 பேருக்கான உடுப்பு, தளவாடம், சமையற்கூடப் பொருள்கள் ஆகியவற்றின் வரவு, வழங்கல், இருப்பு ஆகியவற்றைப் பேரேட்டில் பராமரித்தேன். அன்றாட ஆள்கணக்கின்படி உணவுப்பொருள் தேவையைக் கணித்து, கோரிக்கைப் பட்டியல் அளித்து, வந்த சரக்கின் எடையையும் தரத்தையும் சரிபார்த்துப் பெற்றேன். ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கும் தணிக்கைக்கும் கணக்குகளைத் தயார் செய்து அளித்தேன். பொறுப்பு மாற்றத்தின்போது முழு இருப்பையும் எண்ணி ஒப்படைத்தேன். பயன்படாத பொருள்களைத் தரம் பிரித்துக் கழிவு நடைமுறைக்கு அனுப்பினேன்.’

இதில் கவனிக்க வேண்டியது, பணியின் பெயர் முதலில் வந்தாலும் உண்மையான ராணுவப் பதவி அதை அடுத்தே இடம்பெறுகிறது என்பது. சிலர், குறிப்பாகத் தட்டச்சு மையங்களில் சுயவிவரம் தயாரித்துக்கொள்பவர்கள், ஹவில்தார் என்பதை அடியோடு நீக்கிவிட்டு ‘ஸ்டோர்ஸ் மேனேஜர்’ என்று போட்டுவிடுகிறார்கள். பணியில் சேர்க்கும் முன் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் நாங்கள் பார்ப்போம். அவற்றில் இல்லாத பதவி சுயவிவரத்தில் இருந்தால், மற்ற வரிகளெல்லாம் உண்மையாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும். ‘பொறுப்பாளர் பணி’ என்று செயலைச் சொல்வது விளக்கம். ‘மேனேஜர்’ என்று பதவியைச் சூட்டிக்கொள்வது தவறான தகவல்.

அதேபோல, செய்யாததைச் சேர்க்கக் கூடாது. கம்பெனி அளவில் இருந்த குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் வழக்கமாக வெளிச்சந்தை வியாபாரிகளிடம் விலை பேசி வாங்குவதில்லை. அவருக்குப் பொருள் மேலிருந்து வருகிறது. ஆகவே ‘கொள்முதல் அனுபவம்’ என்று எழுதினால், நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியிலேயே அது நொறுங்கிவிடும். ஆயுதக்கிடங்கான கோத் தனியாக வேறொருவர் பொறுப்பில் இருந்திருந்தால் அதையும் தம் கணக்கில் சேர்க்கலாகாது. மறுபக்கம், ஆலை ஸ்டோரில் அன்றாடம் புழங்கும் ஜி.எஸ்.டி. விலைப்பட்டியல், இ-வே பில், பார்கோடு, கணினியில் சரக்கு வரவைப் பதியும் மென்பொருள் ஆகியவை அவருக்குப் புதியவை. இதை மறைப்பதைவிட, எக்ஸெல் எந்த அளவுக்குத் தெரியும், எந்தப் பயிற்சியை முடித்திருக்கிறேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. இன்னும் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: டி.ஜி.ஆர். எனப்படும் மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முன் நடத்தும் பயிற்சிகளில் பொருள் மேலாண்மை சார்ந்தவையும் உண்டு. பாதுகாப்புப் பயிற்சியைத் தேர்வு செய்யும் முன், தாம் வகித்த பொறுப்புக்கு அது பொருந்துகிறதா என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

பழைய சுயவிவரத்தின் மிச்சச் சொற்களுக்கு அதிக இடம் தேவையில்லை. எம்.ஆர். என்பது வரைபட வாசிப்புத் தேர்வு. ஸ்டோர் பணிக்கு அதனால் பயனில்லை என்பதால் நீக்கிவிட்டோம். குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றிய எல்லோருக்கும் கிடைக்கும் பதக்கங்களை ஒரே வரியில் அடக்கலாம். வீரச்செயலுக்கோ தனிப்பட்ட சிறப்புக்கோ கிடைத்த பாராட்டு இருந்தால் மட்டும் தனியே எழுதலாம். ஆனால் ‘கேரக்டர் எக்ஸம்ப்ளரி’ என்பதை நீக்கக் கூடாது. அது படைப்பிரிவு விடுவிக்கும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதியும் நடத்தை மதிப்பீட்டின் மிக உயர்ந்த நிலை. பொருள்களைக் கையாளும் பணிக்கு ஆள் எடுப்பவருக்கு அதன் பொருள் தெரிய வேண்டும் என்பதால், ‘நடத்தை மதிப்பீடு: மிக உயர்ந்த நிலை, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதியப்பட்டுள்ளது’ என்று எழுதினோம்.

காவல்துறையிலிருந்து வருபவர்களுக்கும் இதே வழி பொருந்தும். தலைமைக் காவலர் என்ற பதவியைவிட, அவர் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தாரா, நீதிமன்றப் பணி பார்த்தாரா, பாரா நின்றாரா என்பதே முக்கியம். ரைட்டராக இருந்தவர் பொதுநாட்குறிப்பு, முதல் தகவல் அறிக்கை, கைப்பற்றிய பொருள்களின் பதிவேடு ஆகியவற்றைக் காலக்கெடுவுக்குள் எழுதி, நீதிமன்றத்துக்கு உரிய தாள்களை உரிய நாளில் சேர்ப்பித்தவர். சி.சி.டி.என்.எஸ். என்னும் காவல்துறைக் கணினி வலையமைப்பில் அவர் பதிவுகளை ஏற்றியிருந்தால், குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாருக்கு இல்லாத மென்பொருள் அனுபவமும் அவரிடம் இருக்கிறது. ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவோ ஓர் ஆலையின் நிர்வாகப் பிரிவோ இதைத் தேடக்கூடும். ‘பாதுகாப்புப் பணியில் 25 ஆண்டு அனுபவம்’ என்ற வரியில் அது தென்படாது.

இரு துறையினரும் விடவேண்டிய விவரங்களும் உண்டு. எல்லைப் பகுதியில் எந்த முகாமில் இருந்தோம், எந்த நடவடிக்கையில் பங்கேற்றோம், எவ்வகை ஆயுதம் எத்தனை இருந்தது என்பவற்றை எழுதக் கூடாது. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பின்னும் பொருந்தும். வேலைக்கு எடுப்பவருக்கும் இந்த விவரங்கள் தேவையில்லை. ‘வடக்கு எல்லைப் பகுதி’, ‘உயர்மலைப் பகுதி’ என்ற அளவே போதும். காவலர்கள் வழக்கின் பெயர், பாதிக்கப்பட்டவர், தகவல் தந்தவர் ஆகிய எதையும் குறிப்பிடாமல், கையாண்ட பதிவேடுகளின் வகைகளை மட்டும் எழுதினால் போதும். எழுதி முடித்தபின், படைக்கும் காவல்துறைக்கும் தொடர்பில்லாத ஒருவரிடம், வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடமே ஆனாலும், அதைப் படிக்கக் கொடுத்து, ‘இந்த ஆள் என்ன வேலை பார்த்தார்?’ என்று கேளுங்கள். ‘கிடங்கில் சாமான் கணக்கு பார்த்தார்’ என்று பதில் வந்தால் அனுப்பலாம். ‘ராணுவத்தில் இருந்தார்’ என்பதற்குமேல் பதில் வராவிட்டால், அந்த நான்கு கேள்விகளுக்கு மறுபடியும் திரும்ப வேண்டும்.