"ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று பதில் வந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்

கோவையில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வரும் பாகங்களின் தரத்தைப் பார்ப்பது என் வேலை. ஒரே பாகத்தில் ஒரே குறை மூன்றாவது முறை வந்தால் நான் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, சப்ளையரிடம் எழுத்தில் கரெக்டிவ் ஆக்‌ஷன் ரிப்போர்ட் கேட்பேன். முதல் முறைக்கே கேட்பதில்லை. கீறலுக்கும் துருப்புள்ளிக்கும் ஒரு படிவம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தால், சப்ளையர் பழைய பதிலையே தேதி மாற்றி அனுப்பப் பழகிவிடுவார். மாதம் ஒன்று இரண்டு கேட்டாலும் போதும். கேட்டதை விடக்கூடாது.

எப்படிக் கேட்பது, வந்த பதிலை எப்படிப் படிப்பது என்பதை ஒரு ஷாஃப்ட் விவகாரத்தை வைத்துச் சொல்கிறேன்.

மோனோபிளாக் பம்பின் ஷாஃப்ட்டில் 6205 பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ. விட்டம். டிராயிங்கில் கே6 என்று போட்டிருக்கும். அதாவது 25.002 முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம். பேரிங்கின் துளையை விட ஷாஃப்ட் ஒரு துளி பெரிதாக இருந்தால்தான் பேரிங் இறுக்கமாக உட்காரும். ஒரு மார்ச் மாதம், அசெம்பிளி லைனில் பிரஸ் போடுகிற தம்பி வந்து, "சார், பேரிங் கையிலயே போகுதுங்க, பிரஸ்ஸே வேண்டாங்க" என்றார். இப்படிப் போன பேரிங், பம்ப் ஓட ஓட ஷாஃப்ட்டின் மேலேயே மெல்ல நழுவிச் சுற்றும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் செம்பழுப்பாகப் பொடி தெரியும், பிறகு சத்தம் வரும். வாடிக்கையாளர் "பேரிங் போச்சு" என்று சொல்வார். பேரிங் மேல் தப்பே இருக்காது.

முதல் லாட்டில் குறையானவற்றைத் திருப்பி அனுப்பினோம், மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது லாட்டிலும் அப்படியே. மூன்றாவதாக வந்த 400 ஷாஃப்ட்டையும் ஒன்றுவிடாமல் அளந்ததில் 61 சிறுத்திருந்தன.

இந்த இடத்தில் பர்ச்சேஸ்காரர்கள் "டெபிட் நோட் போட்டுட்டாப் போச்சு" என்பார்கள். டெபிட் நோட் நம் நஷ்டத்தைத்தான் ஈடுகட்டும், அடுத்த லாட்டைச் சரிசெய்யாது. இன்னொன்றும் இருக்கிறது. சப்ளையர் பதிவுபெற்ற சிறு நிறுவனம் என்றால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி சரக்கு வந்த 15 நாளுக்குள் நாம் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும், பணம் கொடுக்கும் கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். போனில் பேசியது கணக்கில் வராது. அதனால் நான் ரிப்போர்ட் கேட்கும் கடிதத்தையே ஆட்சேபக் கடிதமாகவும் எழுதிவிடுவேன்.

அந்தக் கடிதத்தில் பாகத்தின் எண், டிராயிங் திருத்த எண், டெலிவரி சலான் எண், எத்தனை வந்தது, எத்தனை அளந்தோம், எத்தனை போனது எல்லாம் இருக்க வேண்டும். முந்தைய இரண்டு லாட்டின் சலான் எண்களும் வேண்டும், இல்லாவிட்டால் இது திரும்பத் திரும்ப வருகிற குறை என்பதற்குச் சான்றில்லை. இவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். விட்டுவிடுவது அளவுகளைத்தான். "பேரிங் சீட் அண்டர்சைஸ், 61 எண்ணம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. 61 ஷாஃப்ட்டின் அளவையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள். எந்த வெப்பநிலையில், எந்தக் கேஜில் அளந்தோம் என்பதையும் எழுதுங்கள். குறையான துண்டுகளில் ஐந்தாறில் எண் கட்டி அனுப்பி, அதே போல ஐந்தாறை நம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் காரணம் இதுவாக இருக்கலாம் என்ற நம் ஊகத்தை அதில் எழுதவே கூடாது. "கிரைண்டிங் வீல் டிரெஸ்ஸிங் சரியில்லையோ" என்று ஒரு வரி எழுதிவிட்டால், வரும் பதிலில் அதுவே மூலகாரணமாக அமர்ந்திருக்கும்.

பதில் எட்டு படியாக வரட்டும் என்று கேட்பது வழக்கம். ஃபோர்டு நிறுவனம் 1980களில் வகுத்த முறை இது, நம் பட்டறைகளில் 8டி என்றால் எல்லோருக்கும் தெரியும். எட்டும் ஒரே நாளில் வராது. 24 மணி நேரத்துக்குள் நான் எதிர்பார்ப்பது தடுப்பு நடவடிக்கை மட்டுமே. எங்கள் ஸ்டோரில், லைனில், வண்டியில், அவர்கள் பட்டறையில் இருக்கும் ஷாஃப்ட் எல்லாவற்றையும் யார் பிரித்துப் பார்ப்பது, நல்லதற்கு என்ன அடையாளம் வைப்பது என்று அதில் இருக்க வேண்டும். மூலகாரணத்துக்கு இரண்டு வாரம் கொடுப்பேன். அவசரப்படுத்தினால் கிடைப்பது கதைதான்.

இந்த விவகாரத்தில் பதில் மூன்றே நாளில் வந்தது: "மூலகாரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: ஆபரேட்டர் எச்சரிக்கப்பட்டார், இனி 100% பரிசோதனை செய்யப்படும்."

இந்தத் துறையில் இருப்பவர்கள் இந்த இரண்டு வரியை எத்தனை முறை படித்திருப்போம்! பல கம்பெனிகளில் இதை வாங்கி, முத்திரை குத்தி, ஃபைலில் போட்டு, ஆடிட்டருக்குக் காட்டிவிடுகிறார்கள். நான் திருப்பி அனுப்பினேன். பிடிவாதத்துக்காக அல்ல, அளவுகளே அந்தப் பதிலைப் பொய்யாக்கின. கவனமில்லாமல் அரைத்தால் சில பெரிதாகும், சில சிறுக்கும். எங்கள் 400இல் 25.015க்கு மேலே போனது ஒன்றுகூட இல்லை, போனதெல்லாம் ஒரே பக்கம். மிகச் சிறியது 24.997. அதற்குக் கீழேயும் ஒன்று இல்லை. யாரோ 24.997இல் கோடு போட்டு, அதற்குக் கீழே விடாமல் கவனமாகப் பார்த்து அரைத்த மாதிரி இருந்தது. சரியான கீழ் எல்லை 25.002. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து மைக்ரான். அந்த ஆபரேட்டர் கவனமாகத்தான் இருந்திருக்கிறார், அவர் பார்த்த அளவுதான் ஐந்து மைக்ரான் பொய் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் 100% பரிசோதனையும் வீண். அதே கேஜில் அதே விதமாக 400ஐயும் அளந்தால் 400ம் பாஸாகிவிடும்.

திருப்பி அனுப்பிய கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டேன். குறை எப்படி உண்டானது? உண்டான குறை உங்கள் இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டி எப்படி வெளியே வந்தது? இரண்டுக்கும் தனித்தனியாக ஏன், ஏன் என்று போய்ப் பதில் எழுதச் சொன்னேன். பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் முதல் கேள்வியோடு நின்றுவிடும். கூடவே, "எங்க கேஜ்ல எல்லாம் ஓகேங்க" என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததால், நேரில் வந்து ஒரே துண்டை இரண்டு பேர் கேஜிலும் அளப்போம் என்றேன்.

அவர்கள் பட்டறைக்கு நான் போனது பிற்பகலில். அந்த நேரத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். கிரைண்டரிலிருந்து இறங்கிய ஷாஃப்ட்டை ஆபரேட்டர் துடைத்து, டயல் வைத்த ஸ்னாப் கேஜில் வைத்தார்: 25.006. கையில் வாங்கினால் வெதுவெதுப்பாக இருந்தது. கூலன்ட் டேங்கில் தெர்மாமீட்டரை விட்டால் 42 டிகிரி. டேங்க் சின்னது, மட்டமும் பாதிக்குக் கீழே. கேஜை ஜீரோ செய்ய வைத்திருக்கும் சரியான அளவுள்ள துண்டான மாஸ்டரோ ஏ.சி. போட்ட இன்ஸ்பெக்‌ஷன் அறையில் 24 டிகிரியில் இருந்தது, ஷிப்ட் தொடக்கத்தில் அங்கேயே ஜீரோ செய்து கொண்டுவருவார்கள். அந்த ஷாஃப்ட்டை மாஸ்டருக்குப் பக்கத்தில் கிரானைட் பிளேட் மேல் ஆற விட்டு, டீ குடித்துவிட்டு வந்து அதே கேஜில் அளந்தோம்: 25.001. ரிஜெக்ட்.

கணக்குப் போட்டாலும் இதுவேதான் வருகிறது. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மி.மீ. விட்டத்துக்கு 18 டிகிரி வித்தியாசம் என்றால் ஐந்து மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 13 மைக்ரான்தான் இடம் இருக்கிற வேலையில் ஐந்து என்பது பெரிய அளவு. டிராயிங்கில் வெப்பநிலை எதுவும் போடாவிட்டால், அந்த அளவு 20 டிகிரிக்கு உரியது என்பதுதான் சர்வதேச வழக்கம்.

ஓனர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் பையனைத் திட்டுனதெல்லாம் வீணுங்களா சார்" என்றார்.

இரண்டாவது கேள்விக்கான பதில் அவர்களுடைய பேப்பரிலேயே இருந்தது. ஒவ்வொரு லாட்டோடும் வந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் இருந்த அளவுகள் கற்பனை இல்லை, உண்மையிலேயே அளந்தவை. ஆனால் அளந்த துண்டுகள் எல்லாம் காலையில் முதலில் இறங்கியவை. கூலன்ட் சூடேறுவதற்கு முன் அரைத்தவை நன்றாகத்தான் இருக்கும். பிற்பகலில் அரைத்தவை அதே டிரேயில் கலந்து போய்விடும், பிறகு எது எப்போது ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு எடுத்த நடவடிக்கையில் பெரிய செலவு எதுவும் இல்லை. மாஸ்டரை கிரைண்டருக்குப் பக்கத்திலேயே, அதே கூலன்ட் விழும் தட்டில் வைத்தார்கள். ஷாஃப்ட்டும் மாஸ்டரும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒரே அளவு விரியும், வித்தியாசம் அடிபட்டுப் போகும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை கேஜை அதில் வைத்து ஜீரோ பார்க்க வேண்டும். டேங்கில் மட்டக் கோடு வரைந்தார்கள். டிரேக்களில் மணி எழுதிய அட்டை கட்டி, ஒவ்வொரு டிரேயிலிருந்தும் ஆறிய பிறகு சாம்பிள் எடுக்கத் தொடங்கினார்கள். அதே கிரைண்டரில் ஓடும் மற்ற பாகங்களுக்கும் இது பொருந்துமா என்று ரிப்போர்ட்டில் ஒரு பெட்டி உண்டு. பலர் அதைக் காலியாக விடுவார்கள். இவர்கள் வேறொரு வாடிக்கையாளரின் 30 மி.மீ. ஷாஃப்ட்டையும் அதில் சேர்த்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

ரிப்போர்ட்டை மூடுவதில் ஒரு சிக்கல் வந்தது. தொடர்ந்து மூன்று லாட் நன்றாக வந்தால் மூடிவிடலாம் என்பது எங்கள் விதி. மாற்றங்கள் முடிந்தது மே கடைசியில். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து ஊரே குளிர்ந்துவிட்டது. அந்த மாதம் வந்த லாட்டுகள் பழைய முறையிலேயே அரைத்திருந்தாலும் ஏறக்குறைய சரியாகத்தான் இருந்திருக்கும், அதை வைத்து நடவடிக்கை பலித்தது என்று சொல்ல முடியாது. பர்ச்சேஸில் "எப்பங்க க்ளோஸ் பண்றீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கூடுதல் பரிசோதனையை மட்டும் நிறுத்திவிட்டு, ரிப்போர்ட்டைத் திறந்தே வைத்தேன். அடுத்த ஏப்ரலில் வந்த லாட்டில், பிற்பகல் மணி எழுதிய டிரேக்களை மட்டும் தனியே எடுத்து ஆறவைத்து அளந்தோம். எல்லாம் 25.004க்கு மேலேயே இருந்தன. அன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.