வெள்ளி மதியம் போட்ட சம்பளம் புதன்கிழமை ஏன் வந்தது?

மலையகத்தில் 10ஆம் திகதி என்றால் சம்பள நாள். முடிந்த மாதத்தின் சம்பளத்தை அடுத்த மாதம் 10 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. கையில் எண்ணிக் கொடுத்த காலத்தில் மேசையில் காசு இருந்தால் போதும். வங்கிக் கணக்குக்கு அனுப்பும்போது திகதியோடு மணியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 10 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு முடிந்து 13 திங்கள் துருத்து போயா, 14 செவ்வாய் தைப்பொங்கல். அடுத்த வங்கி வேலை நாள் 15 புதன். இந்த நாட்காட்டியை வைத்து ஒரு கணக்கைப் பார்ப்போம். ஹட்டன் பக்கம் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை. 38 பேருக்குச் சம்பளம், மொத்தம் 16 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அலுவலகக் கிளார்க் வங்கியின் இணையத்தளத்தில் சம்பளப் பைலை 12.40க்கு ஏற்றிவிட்டார். அந்த வங்கி அன்றைய திகதிக்குப் பைல் எடுத்துக்கொள்ளும் கடைசி நேரம் 1.30 என்று வைத்துக்கொள்வோம். பைலை அனுமதிக்க வேண்டிய முகாமையாளர் பெக்டரியில் இருந்து வந்து 2.10க்குத்தான் இரண்டாவது அனுமதியைக் கொடுத்தார். கிளார்க்கைக் கேட்டால் "நேரத்துக்கே போட்டுட்டேன் சேர்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் வங்கியின் கணக்கில் பைல் வந்து சேர்ந்த நேரம் 2.10. கடைசி அனுமதி விழும் வரை அது வங்கிக்கு வராத பைல்தான். ஆகவே மற்ற வங்கிகளுக்குப் போக வேண்டிய பணத்துக்கு வங்கி எடுத்துக்கொண்ட திகதி 15.

சம்பளப் பைல்கள் வழக்கமாகப் போகும் பாதை ஸ்லிப்ஸ். நாம் செல்போனில் ஒருவருக்கு அனுப்பினால் அந்த நொடியே போய்ச் சேருவது செஃப்ட்ஸ் என்ற வேறு பாதை. இரண்டையும் நடத்துவது ஒரே நிறுவனம், லங்காபே. ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. செஃப்ட்ஸ் ஒவ்வொரு கொடுப்பனவையும் தனித்தனியாக உடனே கொண்டுபோகும், இரவும் போயாவும் அதற்குத் தடையில்லை. ஸ்லிப்ஸ் எல்லா வங்கிகளின் கொடுப்பனவுகளையும் கட்டுக்கட்டாகத் திரட்டி, வேலை நாளில் குறித்த நேரங்களில் வங்கிகளுக்கிடையே கணக்குத் தீர்த்துக் கொடுக்கும். அன்றே பணம் சேரும் வசதி அதில் 2010இல் இருந்து இருக்கிறது. ஆனால் கட்டு கிளம்புமுன் பைல் அதில் ஏறியிருக்க வேண்டும். உங்கள் வங்கி பைலைச் சரிபார்த்து முன்னே அனுப்ப அவகாசம் வேண்டும் என்பதால், லங்காபேயின் நேரத்துக்கும் முன்னதாகவே தன் வாயிலை மூடிவிடும். அந்த நேரம் வங்கிக்கு வங்கி மாறும். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன நேரத்தை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் குழப்பத்தைக் கூட்டுவது, ஒரே பைலில் இருப்பவர்களுக்குப் பணம் ஒரே நாளில் வராமல் போவது. 38 பேரில் 20 பேருக்குத் தொழிற்சாலையின் அதே வங்கியில் கணக்கு இருந்தால், அவர்களுக்குரிய தொகை பெரும்பாலும் அன்றைக்கே உள்ளுக்குள் மாறிவிடும், ஸ்லிப்ஸுக்குப் போகத் தேவையில்லை. மற்ற 18 பேர் பொங்கல் சாமான் வாங்க டவுனுக்கு இறங்கி, ஏ.டி.எம். வரிசையில் நின்று, மீதி பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். "அவனுக்கு வந்துட்டு, எனக்கு மட்டும் ஏன் போடல?" என்ற சண்டை அலுவலக வாசலில் ஆரம்பிக்கும். ஆளைப் பார்த்துப் போட்டதாகத் தோன்றும். ஆனால் இதில் வேறுபட்டது ஆளில்லை, வங்கி.

திரையில் வரும் `Successful` என்ற சொல்லும் ஏமாற்றும். உங்கள் கட்டளை வங்கிக்குக் கிடைத்தது என்பதுதான் அதன் பொருள், பணம் எதிர்க் கணக்கில் விழுந்தது என்பதல்ல. பார்க்க வேண்டியது அதே பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் `Value Date`, அதாவது பெறுமதித் திகதி. நம் உதாரணத்தில் கொடுக்கல் வாங்கல் திகதி 10, பெறுமதித் திகதி 15. கணக்குக் கூற்றிலும் இவை இரண்டு தனி நிரல்களாக இருக்கும். லீசிங் தவணை, கடன் தவணை, வாடகை போன்றவற்றில் எதிர்த் தரப்பு பெரும்பாலும் தன் கணக்கில் பணம் சேர்ந்த திகதியைத்தான் எடுக்கும். "நான் 10ஆம் திகதியே போட்டேன்" என்று ஸ்கிரீன்ஷொட் காட்டினாலும், ஒப்பந்தத்தில் "கிடைக்கப்பெறும் திகதி" என்று எழுதியிருந்தால் தாமத வட்டி வட்டிதான்.

அனுப்பியவருக்கும் நட்டம் உண்டு. சில வங்கிகள் பைல் அனுமதியானதுமே முழுத் தொகையையும் கணக்கில் கழித்துவிடும், சில வங்கிகள் பெறுமதித் திகதியில்தான் கழிக்கும். முதல் வகை வங்கியில், 38 பேரின் கணக்கும் வேறு வங்கிகளில் இருக்கிறது, அந்தத் தொழிற்சாலை மேலதிகப்பற்றில் ஓடுகிறது, வட்டி ஆண்டுக்கு 15% என்று வைத்துக்கொண்டால், 16,40,000 ரூபாய்க்கு 5 நாள் வட்டி ஏறத்தாழ 3,370 ரூபாய். பணம் யாருடைய கையிலும் இல்லாத ஐந்து நாட்களுக்கான செலவு அது. உங்கள் வங்கி எந்த வகை என்று கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் தவறியது தெரிந்ததும் பலர் செய்வது, உடனே அதே 18 பேருக்கும் செல்போனில் மறுபடி போடுவது. புதன்கிழமை முதல் பைலும் போய்ச் சேரும், இரட்டைச் சம்பளம் ஆகிவிடும். பிறகு திருப்பி வாங்குவது பெரும்பாடு, பயனாளியின் சம்மதம் இல்லாமல் வங்கி அந்தப் பணத்தைத் தொடாது. முதலில் கிளைக்கு அழைத்து, பைல் இன்னும் வங்கிக்குள்தான் நிற்கிறதா, அந்த 18 பதிவுகளையும் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். நிறுத்தியதற்கு உறுதி கிடைத்து, கழித்த தொகை கணக்குக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்த பின் செஃப்ட்ஸில் போடலாம். ஒரு செஃப்ட்ஸ் கொடுப்பனவுக்கு உச்சம் 50 இலட்சம் என்றாலும், உங்கள் வங்கி வைத்திருக்கும் நாளாந்த எல்லை அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆகவே பாதியில் நின்றுவிடாமல் இருக்க அதையும் கேட்டுவிடுங்கள். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒற்றைத் தொகை என்றால் மத்திய வங்கியின் ஆர்.டி.ஜி.எஸ். பாதைதான். அதுவும் வேலை நாளில், வங்கி நேரத்துக்குள் மட்டுமே.

மலையக நகரங்களில் சனிக்கிழமை திறக்கும் கிளைகள் இருக்கின்றன. கவுண்டர் திறந்திருக்கிறதே என்று சனிக்கிழமை கொடுக்கும் சம்பளப் பைலும் அடுத்த வேலை நாளுக்குத்தான் போகும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை கடைசி நாள் மதியத்தோடு ஓட்டப்பந்தயம் வைக்கத் தேவையே இல்லை. ஸ்லிப்ஸ் பைலை முன்கூட்டியே ஏற்றி, பெறுமதித் திகதியை வரும் நாளுக்குக் குறிக்கலாம். அந்த ஜனவரியில் 8 புதன்கிழமை பைலை ஏற்றி, இரண்டு அனுமதியையும் முடித்து, 9 வியாழன் என்று திகதி குறித்திருந்தால், கணக்கு இலக்கம் தவறி யாருக்காவது போகாமல் திரும்பினாலும், அது வெள்ளி காலையில் கண்ணில் பட்டிருக்கும். கணக்கு மூடப்பட்டவர், கிளைக் குறியீடு மாறியவர் என்று 38 பேரில் ஒருவராவது திரும்பி வருவது சாதாரணம். 10ஆம் திகதி அனுப்பினால் அந்த ஒருவருக்குப் பொங்கல் முடிந்துதான் விடை தெரியும்.