5-2ஐ எந்தப் பக்கம் போடறது?

போன மாங்கா சீசன்ல காவேரிப்பட்டணத்துல அக்கா வீட்டுத் திண்ணையில உக்காந்து மாமாகூட டாமினோ ஆடினேன், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்த ஒரே ஒரு கட்டைய தப்பான பக்கம் போட்டு 9 புள்ளில தோத்தேன். அக்கா பொண்ணு நடுவுல போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சிருந்தா, அத வெச்சு ராத்திரி உக்காந்து பாத்தப்போதான் எங்க கோட்டை விட்டேன்னே புரிஞ்சுது.

ஆடாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஒவ்வொரு கட்டையிலயும் ரெண்டு பாதி, பாதிக்கு ஒரு நம்பர், வெத்துல (0) இருந்து 6 வரைக்கும். மொத்தம் 28 கட்டை, எல்லாத்துலயும் சேத்து 168 புள்ளி. ரெண்டு பேர் ஆடினா ஆளுக்கு 7, மிச்சம் 14 கவுத்துப் போட்ட குவியல். வரிசையோட ரெண்டு முனையில எதுக்காவது சேர்ற கட்டையப் போடணும். பிளாக் ஆட்டத்துல சேரலன்னா பாஸ், அந்தக் குவியல யாரும் தொடவே மாட்டாங்க. டிரா ஆட்டத்துல சேர்றது கிடைக்கிற வரைக்கும் குவியல்ல இருந்து எடுத்துக்கிட்டே இருக்கணும், ஆனா கடைசி 2 கட்டைய எடுக்கக் கூடாது, அது தூங்கும். ரெண்டு பேராலயும் போட முடியாம ஆட்டம் மாட்டிக்கிச்சுன்னா கையில புள்ளி கம்மியா இருக்கறவர் ஜெயிச்சாரு, வித்தியாசம் அவர் கணக்குல சேரும். நாங்க ஆடினது டிரா.

போட்ட கட்டைய எல்லாம் ஞாபகம் வெச்சுக்கணும்னு சொல்லுவாங்க, ரம்மில கீழ போட்ட சீட்ட ஞாபகம் வெக்கற மாதிரி. எனக்கு அது தேவையே இல்லன்னு தோணுது, ஏன்னா போட்ட கட்டை எல்லாம் கண்ணு முன்னாடியே மல்லாந்து கிடக்கு, எண்ணிக்கிட்டா போதும். மறந்து போறது வேற ஒண்ணு: எதிராளி எப்போ குவியல்ல கை வெச்சாரு, அப்போ முனையில என்ன நம்பர் நின்னுச்சுங்கறது. அது மேசையில எங்கயும் இருக்காது, நம்ம மண்டையிலதான் இருக்கணும்.

இப்ப என் ஆட்டத்துக்கு வரேன். வரிசையில 18 கட்டை, ஒரு முனையில 5, இன்னொரு முனையில 2. குவியல்ல தூங்கற 2 மட்டும்தான் பாக்கி. மாமா கையில 5, என் கையில 3: 5-2, 4-4, 4-0. நான் போடணும், 5-2 மட்டும்தான் சேரும், ஆனா அது ரெண்டு முனைக்குமே சேரும். 5 பக்கம் போட்டா ரெண்டு முனையும் 2 ஆகும், 2 பக்கம் போட்டா ரெண்டு முனையும் 5 ஆகும். 5-5னு ஆக்கினா ஆட்டம் இறுகிடுமோன்னு பயந்து, ஓடட்டும், எப்பயாச்சும் 4 வெளிய வரும்னு 5 பக்கம் போட்டுட்டேன்.

அப்போ செய்ய வேண்டிய முதல் வேல முனை நம்பர எண்ணறது. ஒவ்வொரு நம்பருக்கும் 7 கட்டை. வரிசையில 5-5, 6-5, 5-4, 5-3, 5-1, 5-0ன்னு ஆறு கிடந்துச்சு, ஏழாவது என் கையில. அதாவது நான் 2 பக்கம் போட்டிருந்தா ரெண்டு முனையிலயும் 5, உலகத்துலயே வேற 5 கிடையாது, பூட்டு விழுந்துடும்.

இதுல ஒரு கணக்கு அழகா இருக்கு. ஒரு நம்பர் மொத்தமா 8 பாதில வரும் (டபுள்ல ரெண்டு, மத்த ஆறுல ஒவ்வொண்ணு). வரிசைக்குள்ள அது எப்பவும் ஜோடி ஜோடியா ஒட்டிக்கிட்டுதான் கிடக்கும். அதனால ஒரு நம்பர் ஒரே ஒரு முனையில மட்டும் ஒத்தையா நின்னா, வரிசையில அது ஒத்தப்படை எண்ணிக்கையில இருக்குன்னு அர்த்தம், 8ல ஒத்தப்படைய கழிச்சா மிச்சமும் ஒத்தப்படை, பூஜ்யமா இருக்க முடியாது. அப்ப எங்கயோ இன்னும் ஒண்ணு இருந்தே தீரும். அது தூங்கிட்டு இருந்தா உபயோகமில்ல, அது வேற கத. ஆனா ஒரு நம்பர் சுத்தமா தீந்து பூட்டு விழணும்னா ரெண்டு முனையிலயும் அதே நம்பர் நின்னாதான் உண்டு.

பூட்டு போட முடியும்னு தெரிஞ்சா மட்டும் பத்தாது, போட்டா யாருக்கு லாபம்னு பாக்கணும். 5-2 போன பிறகு என் கையில 4-4, 4-0, மொத்தம் 12 புள்ளி. வரிசையிலயும் என் கையிலயும் இல்லாத கட்டை 7: 0-0, 2-1, 3-0, 3-1, 3-2, 6-3, 6-4. கூட்டினா 34. இதுல 5 மாமா கையில, 2 தூங்குது. மாமாவுக்கு ரொம்ப சாதகமா வெச்சுப் பாப்போம், கனமான 6-4ம் 6-3ம்தான் தூங்குதுன்னா அந்த 19 போக அவர்கிட்ட 15. மோசமா போனாலே 15க்கு 12, எனக்கு ஜெயம். இதுக்கு ஞாபகமே வேணாம், வெறும் கூட்டல்!

ஞாபகம் இருந்திருந்தா இன்னும் ஒரு படி போயிருக்கலாம். கொஞ்ச நேரம் முன்னாடி முனையில 4ம் 6ம் நின்னப்போ மாமா குவியல்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எடுத்து நாலாவது எடுத்ததத்தான் போட்டாரு. அப்படின்னா அந்த நேரத்துல அவர் கையில இருந்தது, முதல் மூணு எடுத்தது எதுலயும் 4 இல்ல, 6 இல்ல. அதுக்கப்புறம் அவரு குவியல தொடவே இல்ல, மிச்சத்த எல்லாம் நான்தான் எடுத்தேன். அப்போ 6-4ம் 6-3ம் அவர்கிட்ட இருக்க வழியே இல்ல, தூங்கற ரெண்டும் அதுதான். மாமா கையில இருக்கற அஞ்சையும் கண்ணாடில பாக்கற மாதிரி சொல்லியிருக்கலாம்: 0-0, 2-1, 3-0, 3-1, 3-2. நானோ அந்த நேரத்துல பெங்களூரா மாங்கா துண்ட உப்பு மிளகாத்தூள்ல தொட்டுத் தின்னுட்டு இருந்தேன், அவரு எத்தன எடுத்தாருன்னுதான் சிரிச்சேனே தவிர எதுக்கு எடுத்தாருன்னு பாக்கல.

2-2ன்னு நான் விட்டதுக்கு அப்புறம் நடந்ததப் பாருங்க. மாமா 2-1 போட்டாரு, முனை 1ம் 2ம். நான் பாஸ். 3-2 போட்டாரு, முனை 1ம் 3ம். நான் பாஸ். அப்புறம் 3-1ஐ எடுத்து 1 பக்கம் போடல, 3 பக்கம் போட்டாரு. ரெண்டு முனையும் 1, ஏழு 1ம் தீந்துச்சு. நான் போட வேண்டிய பூட்ட அவரு போட்டாரு. அவர் கையில 3-0, 0-0, வெறும் 3 புள்ளி, என்கிட்ட அதே 12.

"என்ன மாப்ள, 5அ எண்ணவே இல்லியா?"

அதே 3-1ஐ அவரு 1 பக்கம் போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். ரெண்டு முனையும் 3 ஆகும், அடுத்து அவரு 3-0ஐ போட்டே ஆகணும், நான் 4-0 போடுவேன், 0-0 அவர் கையிலயே மாட்டிக்கும், அடுத்து 4-4 போட்டு கைய காலி பண்ணி ஜெயிச்சிருப்பேன். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு.

இந்த கண்டுபிடிக்கற வித்தைக்கு ரெண்டு இடத்துல ஓட்ட இருக்கு. ஒண்ணு, எதிராளி அதுக்கப்புறம் திரும்ப குவியல்ல எடுத்தா பழைய தகவல் பாதி செத்துடும், புதுசா வந்தது 4ஆவோ 6ஆவோ இருக்கலாம். பிளாக் ஆட்டத்துல இந்த தொல்ல இல்ல, ஒருதடவ பாஸ் சொன்னா அந்த ரெண்டு நம்பரும் கடைசி வரைக்கும் அவர்கிட்ட இல்லதான், ஆனா அங்க 14 கட்டை தூங்கறதால அவர் கையில என்ன இருக்குன்னு முழுசா தெரியறது கஷ்டம். ரெண்டாவது ஓட்டதான் பெருசு, சில பேர் கையில சேர்ற கட்டை இருந்தாலும் இஷ்டப்பட்டா எடுக்கலாம்னு ரூல் வெச்சு ஆடுவாங்க, அங்க எடுத்தாருங்கறதுக்காக அவர்கிட்ட இல்லன்னு சொல்லவே முடியாது. அதனால இப்பெல்லாம் கட்டைய கலைக்கறதுக்கு முன்னாடியே மாமாகிட்ட கேட்டுடறேன், இருந்தும் எடுக்கலாமா கூடாதான்னு. கூடாதுன்னு சொல்லிட்டாருன்னா மாங்கா தட்ட அக்கா பொண்ணு பக்கம் தள்ளி வெச்சுட்டுதான் உக்கார்றேன்.