சம்பளம் 1,20,000, கைக்கு வருவது 1,05,455

சம்பளச் சீட்டைப் போனில் படமாகத் திறந்ததும் பலரும் அடியில் இருக்கும் நிகரத் தொகையைத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பத்தி இந்த மாதத்துக்கானது என்பதை. பக்கத்திலேயே YTD என்று ஒரு பத்தி இருந்தால், அது ஏப்ரலிலிருந்து இதுவரை சேர்ந்த கூட்டுத்தொகை. மங்கலான படத்தில் கண் அங்கே தாவிவிடும்.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் அடிப்படைச் சம்பளம் 60,000, வீட்டு வாடகைப் படி 24,000, சிறப்புப் படி 36,000. மொத்தம் 1,20,000. வலப்பக்கம் பி.எஃப். 7,200, வருமான வரி 7,345. மீதி 1,05,455.

பி.எஃப். என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். இங்கே அகவிலைப்படி இல்லை, அதனால் 60,000-க்கு 7,200. படத்தில் அது 7,200-ஆ 7,800-ஆ என்று தெரியாவிட்டால், 0.12-ஆல் வகுத்துப் பாருங்கள். 7,800 என்றால் அடிப்படை 65,000 வர வேண்டும், அது பொருந்தாது. சிலருக்குச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 1,800 மட்டுமே பிடிப்பார்கள். அது தவறல்ல, சட்டப்படியான உச்சவரம்பான 15,000-க்குக் கணக்கிட்டது. நிறுவனமும் தன் பங்காக 7,200 போடுகிறது. அதில் வழக்கமாக 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி பி.எஃப். கணக்குக்கும் போகும். ஆனால் அந்தப் பங்கு பெரும்பாலும் சீட்டில் வராது. நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு என்று சேரும்போது சொன்ன சி.டி.சி.க்கும் சீட்டின் மொத்தத்துக்கும் இடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரிதான் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அது மாதக் கணக்கே இல்லை. ஆண்டு முழுவதற்குமான வரியை முன்கூட்டியே மதிப்பிட்டு, மீதமுள்ள மாதங்களுக்குப் பங்கு போடுகிறார்கள். 2025-26 புதிய முறையில் ஆண்டு வருமானம் 14,40,000. நிலையான கழிவு 75,000 போக 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிஞ்சிய 1,65,000-க்கு 15 சதவீதம், 24,750. ஆக 84,750, அதன்மேல் 4 சதவீதம் செஸ் சேர்த்து 88,140. பன்னிரண்டால் வகுத்தால் 7,345. இந்த முறையில் நீங்கள் கட்டும் பி.எஃப்.புக்கோ வாடகைக்கோ கழிவு கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

சரி, ஜனவரியில் 60,000 போனஸ் வந்தால்? கூடுதல் வரி செஸ்ஸோடு 9,360. அதை மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,120 ஏறி, வரி 10,465 ஆகும். ஒரே மாதத்தில் பிடித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. அதனால் பிப்ரவரியில் வழக்கமான சம்பளத்திலேயே கையில் வருவது குறைந்தால், அந்த மாதச் சீட்டை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை. ஜனவரிச் சீட்டில் உள்ள வரியின் YTD எண்ணோடு பிப்ரவரி, மார்ச் பிடித்தங்களைச் சேர்த்து, ஆண்டு வரிக்குச் சமமாகிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறைதான். எந்த மாதத்தில் பிடிக்கிறார்களோ அந்த மாதம் மட்டும் நிகரத் தொகை கொஞ்சம் இறங்கும்.